மிருதங்கம் எது, கீறல் எது: ஓர் எல்பியைக் கணினியில் ஏற்றியபோது

மாமா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டியில் பதினேழு எல்பி ரெக்கார்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் கர்நாடகக் கச்சேரிகள். "இதையெல்லாம் போன்ல கேக்கற மாதிரி பண்ணிக் குடுடா" என்றார். மாமா அந்தக் காலத்தில் உள்ளூர்க் கோயில் கச்சேரிகளில் மிருதங்கம் வாசித்தவர். இந்த வேலையில் நடந்த பாதித் தவறுகளைக் கண்டுபிடித்தது அவருடைய காதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடுத்தது ஒரு வாய்ப்பாட்டு ரெக்கார்டு. வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம், பின்னால் தம்புரா. உறையில் மோனோ என்று போட்டிருந்தது. முதல் பக்கத்தில் வர்ணத்தில் தொடங்கி நான்கு உருப்படிகள். இரண்டாம் பக்கத்தில் ஆலாபனையோடு ஒரு பெரிய கீர்த்தனை, அதில் தனி ஆவர்த்தனம், கடைசியில் ஒரு துக்கடா. இரண்டாம் பக்கத்தில் ஆழமாக ஒரு கீறல் நகத்தில் தட்டுப்பட்டது. பரணில் ஏறிய ஈரத்தால் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு. அதை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், வரி ஓடும் திசையிலேயே துடைத்து எடுத்தேன். நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டது மட்டும்தான் இதில் சிரமம்.

என்னிடம் இருந்த டர்ன்டேபிளில் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்புறம் `PHONO / LINE` என்று ஒரு சுவிட்ச். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். போதாக்குறைக்கு ரெக்கார்டு வெட்டும்போதே அடிநாதத்தைக் குறைத்து, மேல்நாதத்தைத் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்து, கூடவே நூறு மடங்கு பெருக்கித் தருவது பிரீஆம்பின் வேலை. சுவிட்ச் தவறாக இருந்தால் காதிலேயே தெரிந்துவிடும். பிரீஆம்பே இல்லாமல் எடுத்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒல்லியாகக் கேட்கும். இரண்டு பிரீஆம்ப் சேர்ந்துவிட்டால் ஒரே குமுறலாக, உடைந்து கேட்கும்.

சுவிட்சை `LINE` பக்கம் வைத்து, மேஜை டிராயரில் கிடந்த ஒரு மலிவான யூஎஸ்பி சவுண்டு கார்டில் செருகினேன். அதில் உள்ளே வாங்குவதற்கு இருந்தது ஒரே ஓட்டை, மைக் என்று போட்ட இளஞ்சிவப்பு ஜாக். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஓடவிட்டதும் மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. சரி, ரெக்கார்டிங் அளவைக் குறைப்போம் என்று ஸ்லைடரைப் பாதிக்குச் சற்று மேலே கொண்டுவந்தேன். மீட்டர் −5 டெசிபலைத் தாண்டவே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டு பக்கத்தையும் எடுத்து முடித்தேன்.

மாமா தனி ஆவர்த்தனத்தை அரை நிமிடம் கேட்டார். "தொப்பி ஏன்டா கிழிஞ்ச மாதிரி கேக்குது?"

தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம், அடிநாதம் வரும் பக்கம். அந்த இடத்தை அலைவடிவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தொப்பி அடியிலும் அலையின் உச்சி மலை மாதிரி கூம்பாமல், கத்தியால் சீவிய மேடு மாதிரி தட்டையாக இருந்தது. எல்லா மேடும் ஒரே உயரம், −5 டெசிபல். உச்சி வெட்டுப்பட்டால் சிவப்புக் கோடு காட்ட ஆடாசிட்டியில் `Show Clipping` என்று ஒரு வசதி உண்டு. அது ஒன்றையும் காட்டவில்லை. அது உச்ச வரம்பான 0 டெசிபலைத் தொட்ட இடங்களைத்தான் தேடும், இங்கே எதுவுமே 0 வரைக்கும் போகவில்லை.

நடந்தது இதுதான். மைக் ஜாக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். பிரீஆம்பிலிருந்து போனது அதைப் போல நூறு மடங்கு. சவுண்டு கார்டின் வாசலிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. நான் குறைத்த ஸ்லைடரோ, எண்களாக மாறி முடிந்த பிறகு எண்களைச் சுருக்குகிற ஸ்லைடர். தலை போன அலையை அப்படியே சின்னதாக்கிக் காட்டியிருக்கிறது. மீட்டரை நம்பினால் இப்படித்தான். அளவு சரியா என்பதை மீட்டர் சொல்லாது, உச்சியின் வடிவம்தான் சொல்லும்.

கண்ணால் தேடப் பொறுமை இல்லையென்றால் ffmpeg என்ற கருவியில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது:

```
ffmpeg -i side_b.wav -af astats -f null -
```

வருகிற பட்டியலில் `Flat factor` என்ற வரியைப் பாருங்கள். உச்ச அளவில் அடுத்தடுத்து ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்திருந்தால் அந்த எண் ஏறும். நல்ல பதிவில் அது 0 அல்லது 0-ஐ ஒட்டி இருக்கும். ஒன்று, இதைக் கைபடாத பதிவில் பார்க்க வேண்டும். ஏதாவது ஃபில்டர் போட்டுவிட்டால் தட்டை மேடு லேசாகச் சாய்ந்துவிடும், எண் பொய் சொல்லும்.

அந்தப் பதிவில் இன்னொரு கோளாறும் இருந்தது. இடது, வலது இரண்டு சேனலும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. மோனோ ரெக்கார்டு என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ரெக்கார்டு மோனோவாக இருந்தாலும் காட்ரிட்ஜ் ஸ்டீரியோ. பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் ஊசி தனித்தனியாகப் படிக்கிறது, உட்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது. பாட்டு இரண்டிலும் ஒன்றாக இருக்கும். தூசியும் கீறலும் அப்படி இருக்காது, ஒரு சுவரில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் விழும். டிக் சத்தங்கள்கூட இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால், மைக் ஜாக் ஒரு சேனலை மட்டும் வாங்கி இரண்டாகப் போட்டுக் காட்டுகிறது என்று அர்த்தம். பின்னால் இந்த இரண்டு சுவர்தான் எனக்குக் கைகொடுத்தது. அதனால் மோனோ ரெக்கார்டுக்கு மோனோ போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

லைன் இன்புட் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸை நண்பனிடம் கடன் வாங்கினேன். இதில் திருகுகிற குமிழ் எண்களாக மாறுவதற்கு முன்னாலேயே அளவைக் குறைக்கிறது. அளவு பார்க்க ரெக்கார்டை முதலிலிருந்து ஓடவிடவில்லை. கச்சேரியில் பெரிய சத்தம் எங்கே வரும் என்று நமக்குத் தெரியுமே, தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் மோராவும் கோர்வையும் விழுகிற இடம். இரண்டாம் பக்கத்தில் துக்கடாவுக்கு முந்தைய இடைவெளிக்குச் சற்று முன்னால் ஊசியை இறக்கினேன். மிகப் பெரிய தொப்பி அடி −9 டெசிபலில் நிற்கிற மாதிரி குமிழை வைத்தேன். முதல் பக்கத்துக்கும் அதையே மாற்றாமல் விட்டேன். வர்ணத்தை வைத்து அளவு பார்த்திருந்தால் தனி வரும்போது மறுபடியும் முட்டியிருக்கும்.

−9 குறைவாயிற்றே என்று தோன்றலாம். பாட்டு தொடங்குமுன் வெறும் பள்ளத்தில் ஊசி ஓடும்போது வருகிற இரைச்சலை அளந்தேன், சுமார் −55 டெசிபல். 24 பிட் பதிவின் அடித்தளம் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. குமிழைத் தூக்கினால் பாட்டும் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும், வேறு ஒன்றும் கிடைக்காது. கீறல் விழுந்த இரண்டு இடத்தில் மட்டும் டிக் 0 டெசிபலைத் தொட்டது. அதற்காக அளவைக் குறைக்கவில்லை, எப்படியும் வெட்டி எறியப்போகிற சத்தம் அது.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 44100 ஹெர்ட்ஸ். விண்டோஸ் என்றால் ஆடாசிட்டியில் ஹோஸ்ட்டை `MME`-யிலிருந்து `Windows WASAPI`-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 24 பிட் கேட்டாலும் 16 பிட்தான் வரும். விண்டோஸின் ஒலி அமைப்பில் இருக்கிற மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் இரைச்சல் மெல்ல மெல்ல ஏறி, அடுத்த பாட்டு தொடங்கியதும் சட்டென்று அமுங்கினால், அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி எங்கோ விழித்திருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஒரு 50 ஹெர்ட்ஸ் உறுமல் நின்றது. அப்புறம் பேட்டரியிலேயே எடுத்தேன்.

மறுபடி எடுக்கும் முன் ஒரு சின்ன வேலை. கெட்டுப்போன முதல் பதிவு ஒரு விஷயத்துக்கு உதவியது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்க வேண்டும். ஒரே கீறல் பல வரிகளைக் குறுக்கே வெட்டியிருந்தால், சுற்றுக்கு ஒரு டிக் வீதம் 1.8 விநாடிக்கு ஒன்று விழும். நான் பத்து சுற்றை அளந்தேன். 18 விநாடி வர வேண்டிய இடத்தில் 17.85 வந்தது. தட்டு வேகமாக ஓடுகிறது. ஆனால் கீறல் நடுவை நோக்கி நேராக இல்லாமல் சாய்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். அதனால் லேபிள் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, போனில் வீடியோ எடுத்து நூறு சுற்றை எண்ணினேன். 180 விநாடி வர வேண்டும், 178.5 வந்தது. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின.

முக்கால் சதவீதத்துக்கு மேல் என்பது சின்ன எண்தான், ஆனால் சுருதி அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே போய்விடுகிறது. தம்புராவோடு சேர்ந்து பாடிப் பார்க்கிறவருக்கு இது உறுத்தும். மென்பொருளில் வேகத்தைத் திருத்த முடியும், ஆனால் டர்ன்டேபிளின் அடியில் வேகம் திருத்தும் திருகு இருந்தது. அதைத் திருகி 180-க்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டு பக்கத்தையும் எடுத்தேன். எல்லா டர்ன்டேபிளிலும் இந்தத் திருகு இருக்காது.

இனி கீறல்.

பதிவின் கைபடாத ஒரு பிரதியை எடுத்து வைத்தேன். வேலைக்கான பிரதியில் முதலில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை பாஸ் ஃபில்டரால் கழித்தேன். லேசாக வளைந்த தட்டு சுற்றுக்கு ஒரு முறை ஊசியை ஏற்றி இறக்கும். காதுக்குக் கேட்காத அந்த அசைவால் அலைவடிவமே கடல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் போட்டதும் நேர்க்கோடாயிற்று. பாட்டில் ஒன்றும் குறையவில்லை.

அப்புறம் ஆடாசிட்டியின் `Click Removal`-ஐ எடுத்தேன். இயல்பாக வருகிற அளவு, `Threshold` 200, `Max Spike Width` 20. முழுப் பக்கத்தையும் தேர்ந்து ஒரே அடியில் ஓட்டினேன். பொரிகடலை பொரிகிற மாதிரி இருந்த சத்தம் போய்விட்டது. எனக்குப் பரம சந்தோஷம்.

மாமா கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது. "டேய், சாப்புல இருந்த வெடிப்பு எங்க போச்சு? ஈரத்துணிய போத்தி வாசிச்ச மாதிரி இருக்கு."

சாப்பு என்பது மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் ஓரத்தில் விழுகிற கூர்மையான அடி. எனக்கு முதலில் வித்தியாசம் பிடிபடவில்லை. அதனால் அகற்றப்பட்டது என்ன என்று கேட்டுப் பார்க்க ஒரு வழி செய்தேன். இந்த வேலையில் நான் கற்ற உருப்படியான விஷயம் இதுதான். பழைய டிராக்கை `Ctrl+D` அழுத்தி இரட்டிப்பாக்கி, ஒன்றில் மட்டும் `Click Removal` ஓட்டி, அதே டிராக்கில் `Invert` போட்டு, இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். ஒன்றாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது, மென்பொருள் பிடுங்கி எறிந்தது மட்டும்.

மிஞ்சியதில் டிக், டக் என்று கீறலும் தூசியும் கேட்டது. அதோடு ஆதி தாளமும் கேட்டது. குப்பைத்தொட்டிக்குள் யாரோ மெதுவாக மிருதங்கம் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு சாப்பின் முனையும் அங்கே கிடந்தது.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றியிருக்கும் ஒலியைவிடத் திடீரென்று எகிறி, உடனே அடங்குகிற குறுகிய முள்ளை அது தேடுகிறது. சாப்பின் தொடக்கமும் அப்படித்தான் எகிறுகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். கீறல் ஒற்றை முள், முன்னும் பின்னும் அலை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாப்பு முள்ளில் தொடங்கினாலும் அதற்குப் பின்னால் ஒரு வால் உண்டு, பல பத்து மில்லிவிநாடிக்கு ஒழுங்காக அதிர்ந்து தேய்கிற வால். மோனோ ரெக்கார்டில் இன்னும் சுலபம். மேலும் கீழும் இரண்டு சேனலிலும் ஒரே உருவம் என்றால் அது மிருதங்கம், ஒன்றில் மட்டும் பெரிதாக இருந்தால் அழுக்கு.

அதனால் பக்கத்தை மூன்றாகப் பிரித்து வேலை செய்தேன். ஆலாபனையில் மிருதங்கம் கிடையாது, குரலும் வயலினும்தான். அங்கே 200 வைத்தே ஓட்டினேன். மிச்சத்தைக் கேட்டபோது குப்பை மட்டும்தான் இருந்தது. மிருதங்கம் வாசிக்கிற இடங்களில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். எண் கூடக் கூட மென்பொருளுக்குத் துணிச்சல் குறையும். 300-இல் தாளம் லேசாகக் கேட்டது, 400-இல் தனி ஆவர்த்தனத்தில் மட்டும் கேட்டது, 450-இல் போய்விட்டது. இந்த எண் இந்த ரெக்கார்டுக்கானது. அடுத்த ரெக்கார்டில் கஞ்சிராவோ கடமோ இருந்தால் வேறு எண் வரும், மிச்சத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 450-இல் சின்ன டிக்குகள் நிறையத் தங்கிவிட்டன. மிருதங்கம் ஓடும்போது அவை காதில் விழவில்லை என்பதால் தங்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாவது, அந்த ஆழமான கீறல். கீர்த்தனையின் நடுவில் இருபத்துமூன்று சுற்று, அதாவது நாற்பது விநாடிக்கு மேல், 1.8 விநாடிக்கு ஒரு முறை டப்பு டப்பு என்று விழுந்தது. தாளத்தோடு சேராத இன்னொரு தாளம், கேட்கிறவரைப் பைத்தியமாக்கிவிடும். ஆனால் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். முதல் டப்பு 372.40 விநாடியில் என்றால் அடுத்தது 374.20, அதற்கடுத்தது 376.00. அலைவடிவில் மிருதங்கத்துக்குள் ஒளிந்திருந்தாலும் அந்த நேரத்துக்குப் போனால் அங்கே இருக்கும்.

இதற்கு ஆடாசிட்டியில் `Repair` என்று ஒரு கருவி இருக்கிறது. அதிகபட்சம் 128 சாம்பிள்தான் தேர்ந்தெடுக்கலாம், 44100-இல் கிட்டத்தட்ட 3 மில்லிவிநாடி. இரு பக்கத்திலும் இருக்கிற அலையைப் பார்த்து நடுவை ஊகித்து வரைந்துவிடும். ஒரு மில்லிவிநாடிக்குள் அடங்கிய டிக்குக்கு இது அற்புதம். அகலமான டப்புக்குப் போட்டால் ஊகம் பொருந்தாமல் 'தொப்' என்று ஒரு சத்தம் மிஞ்சும்.

என் டப்புகளில் பாதி அகலமானவை. இங்கேதான் இரண்டு சுவர் உதவிக்கு வந்தது. கீறல் பெரும்பாலும் ஒரு சுவரைத்தான் பலமாக உரசியிருந்தது. இடது சேனலில் பூதாகாரமாக இருந்த இடத்தில் வலது சேனல் ஏறக்குறைய சுத்தம். மோனோ ரெக்கார்டு, இரண்டிலும் இருக்க வேண்டியது ஒரே பாட்டு. அப்படியானால் நல்லதை எடுத்துக் கெட்டதன் மேல் ஒட்டினால் போயிற்று. ஊகமே வேண்டாம், நிஜமான ஒலியே கிடைக்கிறது.

`Split Stereo to Mono` கொடுத்து இரண்டு டிராக்காகப் பிரித்தேன். வலது சேனல் முக்கால் டெசிபல் குறைவாக இருந்ததால் முதலில் அதைச் சமன் செய்தேன், இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் சின்னப் படிக்கட்டு விழும். பிறகு டப்பைச் சுற்றி ஐந்தாறு மில்லிவிநாடியைத் தேர்ந்து, `Z` அழுத்தி இரு முனையையும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்தி, அதே நேர அளவில் வலது டிராக்கிலிருந்து நகலெடுத்து, இடது டிராக்கில் ஒட்டினேன். `Z`-ஐ நகலெடுப்பதற்கு முன்னால் அழுத்திவிட வேண்டும். நகலெடுத்த பிறகு அழுத்தினால் தேர்வின் நீளம் மாறி, ஒட்டும்போது அதற்குப் பின்னால் உள்ள பாட்டு முழுக்க ஒரு சாம்பிளோ இரண்டோ நகர்ந்துவிடும். எனக்கு ஒருமுறை நகர்ந்தது. இரண்டு சேனலையும் பின்னால் கலந்தபோது குரல் லேசாக மங்கியது, காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று.

இருபத்துமூன்றில் பதினாறு இப்படிப் போயின. ஐந்து `Repair`-இல் போயின. இரண்டில் இரண்டு சுவரும் அடிபட்டிருந்தன, அவை இன்னமும் லேசாகக் கேட்கும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்தேன். வரிசை முக்கியம். முதலிலேயே கலந்திருந்தால் ஒரு சுவரின் அழுக்கு பாட்டோடு பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். மோனோ ரெக்கார்டில் பாட்டு ஊசியைப் பக்கவாட்டில்தான் ஆட்டுகிறது. தூசி ஊசியை மேலே தூக்கிப் போடுகிறது. இரண்டு சேனலையும் கூட்டும்போது மேலும் கீழுமான அசைவு தானாக அழிகிறது. இரைச்சலும் சுமார் மூன்று டெசிபல் குறைந்தது. ஸ்டீரியோ ரெக்கார்டில் இந்தக் கலப்பையும் முந்தைய ஒட்டு வேலையையும் செய்யக் கூடாது, அங்கே இரண்டு சுவரிலும் வேறு வேறு ஒலி இருக்கிறது.

இரைச்சல் நீக்கும் `Noise Reduction`-ஐ முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதற்கு 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு மாதிரி காட்ட வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே எடுத்தால் அதில் தம்புராவின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும், தம்புராவையே இரைச்சல் என்று எண்ணிச் சுரண்டிவிடும். ஊசி இறங்கியதிலிருந்து தம்புரா தொடங்கும் வரை உள்ள மூன்று விநாடியில் எடுத்தால் சரியாக இருந்தது. ஆனாலும் ஆலாபனையின் மெல்லிய இடங்களில் தண்ணீருக்குள் பாடுகிற மாதிரி ஒரு சலசலப்பு வந்தது. மெல்லிய இரைச்சல் எவ்வளவோ மேல்.

பாட்டுகளைப் பிரிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். `Label Sounds` என்று ஒரு கருவி, அமைதியான இடங்களைத் தேடித் தானே அடையாளம் வைக்கும். முதல் பக்கத்தில் நான்கு உருப்படிக்கு அது ஏழு காட்டியது. ஒரு ராகத்தைச் சுருக்கமாகக் கோடிகாட்டிவிட்டுப் பாடகர் மூச்சு வாங்கிக் கீர்த்தனையை எடுக்கிறார், அந்த இடைவெளியை இரண்டு பாட்டு என்று வெட்டிவிட்டது. அளவைக் குறைத்து வைத்தால் மூன்று காட்டியது. இரண்டு உருப்படிக்கு நடுவே தம்புரா முழுதாக அடங்கவே இல்லை, இரைச்சலும் இருக்கிறது, அதற்கு அது அமைதியாகத் தெரியவில்லை. இரண்டு முறையும் ஒரு தவறு பொது. மெல்ல எழும் தம்புராவைக் கணக்கில் எடுக்காமல், குரல் தொடங்கும் இடத்தில்தான் அடையாளம் விழுந்தது.

கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆறு இடம்தானே. அலைவடிவத்தில் தம்புராவின் தொடக்கம் தெரியாது, இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். டிராக்கை `Spectrogram` காட்சிக்கு மாற்றியதும் பளிச்சென்று தெரிந்தது. இரைச்சல் மூடுபனி மாதிரி எங்கும் பரவியிருக்கிறது. தம்புரா தொடங்கும் நொடியில் அதற்குள்ளிருந்து வரிசையாகக் கிடைக்கோடுகள் எழுகின்றன, பஞ்சமமும் சட்ஜமும் அவற்றின் மேல் சுரங்களும். முந்தைய பாட்டின் கோடுகள் தேய்ந்து மறைவதும் அதேபோல் தெரியும். அடுத்த கோடுகள் எழுவதற்கு அரை விநாடி முன்னால் `Ctrl+B` அழுத்தி அடையாளம் வைத்தேன். இடைவெளி முழுதும் முந்தைய பாட்டோடு போகும், எதுவும் தொலையாது. வரிசையாகக் கேட்டால் ரெக்கார்டில் இருக்கிற அதே மூச்சு இடைவெளி கிடைக்கும்.

இரண்டாம் பக்கத்தில் ஆலாபனையைத் தனி ஃபைலாக வெட்டலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "ஆலாபனைய வெட்டி வச்சா அப்பறம் எவன் கேப்பான், நேரா பாட்டுக்குப் போயிருவான்" என்றார். சேர்த்தே விட்டேன்.

அடையாளங்களை ஒரு எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, கைபடாத பதிவோடு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்துக்கு இது:

```
3.412000	3.412000	01 varnam
284.906000	284.906000	02 kriti
611.274000	611.274000	03 kriti
902.118000	902.118000	04 kriti
```

நடுவில் இருப்பவை டேப். நாளைக்கு யாராவது இதைவிட நன்றாகக் கீறல் நீக்கினாலும் பிரிக்கிற வேலையை மறுபடி செய்ய வேண்டாம், இதை இறக்குமதி செய்தால் போதும். ஒட்டு வேலையில் நீளம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஃபைல்களாகப் பிரிக்கும் முன் ஒலியின் அளவை ஏற்றினேன். இரண்டு பக்கத்திலும் சேர்த்து உச்சம், கீறல் போன பிறகு, −8.6 டெசிபல். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி 7.5 டெசிபல் `Amplify` கொடுத்தேன், உச்சம் −1.1-இல் நின்றது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஏற்றினால், மெல்லிய துக்கடாவும் தனி ஆவர்த்தனத்தின் உயரத்துக்கு எகிறிவிடும். அப்புறம் ஏற்றுமதியில் `Multiple Files`, அடையாளங்களின்படி பிரி என்று கொடுத்ததும் ஆறு ஃப்ளாக் கோப்புகள் வந்து விழுந்தன. மாமாவின் போனுக்கு அவற்றிலிருந்து எம்பி3 எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து பெட்டியில் இருப்பது ஒரு சின்ன 45 வேகத் தட்டு. அதில் கீறல் 1.33 விநாடிக்கு ஒரு முறை விழும். நாகஸ்வரம், கூடவே தவில். 450-இலிருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறேன்.